வழியில் வரும் சரக்கும் இருப்புதான்

கிடங்கில் ஒரு பொருளின் கையிருப்பு, மறுபடி வாங்க வேண்டும் என்று குறித்து வைத்த அளவுக்கும் கீழே இறங்கிய பின்னும் கணக்கு மென்பொருள் புதிய ஆர்டர் போடாமல் இருப்பது ஏன் என்பது, அத்தகைய மென்பொருளைப் புதிதாகக் கையாளத் தொடங்குபவர்கள் எழுப்பும் கேள்விகளுள் ஒன்று. பெரும்பாலும் அதில் பழுது ஏதும் இல்லை. மென்பொருள் அலமாரியைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. ‘இருப்பு நிலை’ எனப்படும் வேறோர் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறது. கையிருப்போடு, ஆர்டர் கொடுத்து இன்னும் வந்து சேராத சரக்கைக் கூட்டி, கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் அளவைக் கழித்தால் கிடைப்பதே இருப்பு நிலை.

மதகைத் திறந்து சில நாள் கழித்தே தண்ணீர் வந்து சேரும் கடைமடை வயலை இதற்கு ஒப்பிடலாம். வயலில் நிற்கும் நீர் கையிருப்பு. வாய்க்காலில் ஓடி வந்துகொண்டிருக்கும் நீர் வரவேண்டிய சரக்கு. பாளம் பாளமாக வெடித்த மண் முதலில் உறிஞ்சிக்கொள்ளப் போகும் நீர் பாக்கி. வயல் காய்கிறதே என்று ஒவ்வொரு நாளும் மதகை இன்னும் கொஞ்சம் உயர்த்துபவர், வாய்க்காலில் ஏற்கெனவே வரும் நீரைக் கணக்கில் சேர்க்காததால், நீர் வந்து சேரும் நாளில் பயிரை மூழ்கடிப்பார். அப்போது மதகை அடைத்தாலும் வாய்க்காலில் உள்ளது வந்தே தீரும்.

ஒரு மருத்துவமனைக் கிடங்கில் கையுறைப் பெட்டிகள் நாளொன்றுக்குப் பத்து வீதம் செலவாகின்றன என்றும், ஆர்டர் கொடுத்த 15 நாளில் சரக்கு வருகிறது என்றும், ஒரு ஆர்டருக்கு 60 பெட்டிகள் என்றும் வைத்துக்கொள்வோம். சரக்கு வரும்வரையிலான 15 நாள் செலவு 150. எதிர்பாராத கூடுதல் செலவுக்குக் காப்பிருப்பாக 30. ஆகவே 180-ஐத் தொடும்போது ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது விதி. இந்த 180 இருப்பு நிலைக்கு உரிய எண். விதிப்படி நடந்தால் ஆறு நாளுக்கு ஒரு ஆர்டர் போகும், எந்நேரமும் இரண்டு அல்லது மூன்று ஆர்டர்கள் வழியில் இருக்கும், அலமாரியிலுள்ள பெட்டிகள் 30-க்கும் 90-க்கும் இடையே ஏறி இறங்கும். அதாவது எல்லாம் மிகச் சரியாக நடக்கும் கிடங்கிலும் கையிருப்பு ஒருநாளும் 180-ஐ எட்டாது.

இந்தக் கிடங்கின் பொறுப்பாளர் அலமாரியை மட்டும் எண்ணி, 180-க்குக் குறைவாக இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு ஆர்டர் கொடுக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொடங்கும் நாளில் அலமாரியில் 60 பெட்டிகள், வழியில் பழைய ஆர்டர்கள் இரண்டு. அவர் கொடுக்கும் முதல் ஆர்டர் 15-ஆம் நாளில்தான் வரும். 17-ஆம் நாளில்தான் கையிருப்பு 180-ஐத் தாண்டி அவர் நிறுத்துவார். அதற்குள் 17 ஆர்டர்கள், 1,020 பெட்டிகள் போய்விட்டிருக்கும். அவை நாளுக்கு ஒன்றாக வந்து இறங்க, 31-ஆம் நாளில் அலமாரியில் 890 பெட்டிகள், ஏறத்தாழ மூன்று மாதச் செலவுக்கானவை, குவிந்து நிற்கும். அவை 180-ஆகக் கரைய மேலும் 71 நாள் பிடிக்கும். பிறகு அதே சுழற்சி மீண்டும் தொடங்கும். செலவோ நாள்தோறும் மாறாமல் பத்தாகவே இருந்தது. இந்த அலையை உண்டாக்கியது ஆர்டர் விதி மட்டுமே.

இதைத் தவிர்க்க, ஒரு ஆர்டர் வழியில் இருக்கும்வரை அடுத்ததைக் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு விதிப்பவர்களும் உண்டு. அப்போது 15 நாளுக்கு 60 பெட்டிகள், அதாவது நாளுக்கு நான்கு மட்டுமே வரும். பத்து செலவாகும் இடத்தில் அது பற்றாது. வழியில் எதுவும் இல்லாததுபோல் நடப்பதும், வழியில் ஏதோ இருக்கிறது என்றவுடன் நின்றுவிடுவதும் தவறுதான். எவ்வளவு இருக்கிறது என்பதே கேள்வி.

இருப்பு நிலை ஏன் சரியான எண் என்பதற்கான காரணம் மிக எளிமையானது, அதனாலேயே அழகானது. இன்று கொடுக்கும் ஆர்டரால் மாற்றக்கூடிய முதல் நாள், இன்றிலிருந்து 15-ஆம் நாள். இன்றுவரை கொடுத்த ஆர்டர்கள் அனைத்தும் அதற்குள் வந்துவிடும்; நாளை முதல் கொடுக்கப்போகும் எந்த ஆர்டரும் அதற்குள் வராது. எனவே அந்த நாளில் பாக்கி போக நிற்கும் இருப்பு, இன்றைய இருப்பு நிலையிலிருந்து இடைப்பட்ட 15 நாள் செலவைக் கழித்ததற்கு மிகச் சரியாகச் சமம். எந்த ஆர்டர் எந்தத் தேதியில் வரும் என்ற விவரம் சமன்பாட்டுக்குள் நுழைவதே இல்லை. அலமாரியில் 60-உம் வழியில் 180-உம் இருந்தாலும், அலமாரியில் 200-உம் வழியில் 40-உம் இருந்தாலும் கூட்டுத்தொகை 240. 15-ஆம் நாளில் எதிர்பார்க்கத்தக்க இருப்பு இரண்டிலும் 90. இடைப்பட்ட நாட்களில் இரண்டும் வேறுபடும், ஆனால் அந்த நாட்கள் இன்றைய ஆர்டரின் கைக்கு எட்டாதவை.

பாக்கியைக் கழிப்பதற்கும் இதுவே காரணம். அலமாரி காலியான பிறகு வார்டுகள் அனுப்பிய இன்டென்ட்களில் 40 பெட்டிகள் கொடுபடாமல் நின்றால், அலமாரியின் எண் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் அந்தப் பள்ளத்தின் ஆழத்தை மறைத்துவிடும். வழியில் 180 இருந்தால் இருப்பு நிலை 140. பாக்கியைக் கழிக்காதவர் 180 என்று படித்து, வரும் சரக்கில் 40 ஏற்கெனவே பிறருக்கு உரியது என்பதைத் தவறவிடுவார்.

வரலாறு சுருக்கமானது. ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குவது என்ற கணக்கை ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் 1913-இல் வெளியிட்டார். மேலே சொன்ன சமன்பாட்டின் கணித அடிப்படையை 1958-இல் சாமுவேல் கார்லினும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் நிறுவினர். மனிதர்கள் இதை எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதை, எம்.ஐ.டி.யின் ‘பியர் விளையாட்டு’ என்ற சரக்கு விநியோக விளையாட்டின் முடிவுகளை ஆராய்ந்து ஜான் ஸ்டெர்மன் 1989-இல் காட்டினார். வாடிக்கையாளர் தேவை வாரத்துக்கு நான்கிலிருந்து எட்டாக ஒரே ஒருமுறை உயர்ந்ததற்கே அணிகளின் செலவு, எட்டக்கூடிய குறைந்த செலவைப் போல் சராசரியாகப் பத்து மடங்கானது. வழியிலுள்ள சரக்குக்கு ஆட்டக்காரர்கள் கொடுத்த மதிப்பு, கையிருப்புக்குக் கொடுத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.

அலமாரியை நொடிக்கு நொடி கண்காணிக்கும் கேமராக்களும் உணரிகளும் சரக்குத் தட்டுப்பாட்டையே ஒழித்துவிடும் என்ற விளம்பரங்களை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். கையிருப்பை அவை துல்லியமாக எண்ணட்டும், அது பயனுள்ளதே. ஆனால் சமன்பாட்டின் மற்ற இரண்டு எண்களும் அலமாரியில் இல்லை. பிழைகள் மிகுதியாக ஒளிந்திருப்பது அங்கேதான். 60-க்கு 50 மட்டுமே அனுப்பிய விற்பனையாளர் மீதிப் பத்தை அனுப்பப்போவதில்லை என்ற நிலையிலும் அந்த ஆர்டர் கணினியில் மூடப்படாமல் கிடந்தால், வராத பத்துப் பெட்டிகள் என்றென்றைக்கும் வரவேண்டியவையாகவே எண்ணப்படும். வாய்க்கால் கரை உடைந்து நீர் வேறெங்கோ போனது தெரியாமல் மதகை மூடி வைத்துக் காத்திருப்பது போன்றது அது. இப்படி மூன்று மீதிகள் சேர்ந்தால் 30 பெட்டி காப்பிருப்பு முழுவதும் காகிதத்தில் மட்டுமே இருக்கும், அலமாரி ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்தைத் தொடும். கண்டுபிடிப்பது கடினமன்று: 15 நாளைக் கடந்தும் திறந்திருக்கும் ஆர்டர்களைத் தேதி வாரியாக எடுத்துப் பார்த்தால் போதும்.

சமன்பாட்டுக்கு எல்லையும் உண்டு. பொருள் இல்லை என்றதும் வேறு கடைக்குப் போய்விடும் வாடிக்கையாளர் பாக்கியாக நிற்பதில்லை. அங்கே தேவை வந்தும் இருப்பைக் குறைக்காமல் மறைந்துவிடுவதால் கழித்தல் கணக்கு பொருந்தாது, சரக்கு எவ்வளவு அலமாரியில், எவ்வளவு வழியில் என்ற பிரிவும் முக்கியமாகிவிடுகிறது. தட்டுப்பாடு அரிதாக நேரும் கடைகளில் இந்தப் பிழை சிறியது. மருத்துவமனையில், ஒரு வார்டு பொறுக்க முடியாமல் வெளியில் வாங்கிக்கொண்டால், அதன் பழைய இன்டென்ட்டை அன்றே நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் யாரும் கேட்காத பாக்கி இருப்பு நிலையைத் தாழ்த்தி, தேவையற்ற ஆர்டர் ஒன்றை உரிய நாளுக்கு முன்பே கிளப்பிவிடும்.