அளவியால் எட்ட முடியாத எண்

சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். நீரில் கரைந்ததும் அதன் மூலக்கூறுகளில் வெகு சிலவே ஹைட்ரஜன் அயனியாகவும் அசிட்டேட் அயனியாகவும் பிரிகின்றன. மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள் மட்டுமே என்பதால் இந்தக் கரைசல் மோசமான கடத்தி. நூற்றில் எத்தனை மூலக்கூறு பிரிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நேரான வழி ஒன்று உண்டு. இப்போதுள்ள கடத்துத்திறனை அளந்து, எல்லா மூலக்கூறும் பிரிந்திருந்தால் கிடைத்திருக்கும் கடத்துத்திறனால் வகுத்துவிடலாம். முதல் எண் எளிதில் கிடைக்கும். இரண்டாவதுதான் பிடி கொடுக்காது.

உப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. சோடியம் குளோரைடு நீரில் முழுக்கப் பிரிந்துவிடுகிறது. கரைசலை நீர்த்துக்கொண்டே போனால், ஒரு மோல் உப்புக்கான கடத்துத்திறன், அதாவது மோலார் கடத்துத்திறன், மெல்ல உயரும். அயனிகள் ஒன்றையொன்று இழுப்பது குறைவதே காரணம். செறிவின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்தால், நீர்த்த பகுதியில் ஏறக்குறைய நேர்கோடு வரும். அந்தக் கோட்டைச் செறிவு சுழியம் வரை நீட்டினால் கிடைப்பதே அளவிலா நீர்த்தலில் மோலார் கடத்துத்திறன். 25 டிகிரி செல்சியஸில் உப்புக்கு அது 126.5 சீமென்ஸ் செ.மீ.² / மோல். இனி எல்லா எண்களும் இதே அலகில்தான்.

அசிட்டிக் அமிலத்துக்குக் கோடு நேராக வராது. 0.1 மோலார் கரைசலில் மதிப்பு சுமார் 5.2, 0.01 மோலாரில் 16.3, 0.001 மோலாரில் 49. நீர்க்க நீர்க்கப் புதிய மூலக்கூறுகள் பிரிவதால், சுழியத்தை நெருங்கும்போது வளைவு செங்குத்தாக ஏறுகிறது. அதை எங்கே நீட்டி முடிப்பது?

இன்னும் நீர்த்து அளந்தால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 99 மூலக்கூறு பிரிய வேண்டுமானால், செறிவை லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மோலின் 50 லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். அந்த அளவு அமிலம் தரும் கடத்துத்திறன், மிகத் தூய்மையான நீரே தரும் அளவுக்குத்தான் இருக்கும். காற்றுப்பட்ட சாதாரண வாலைவடிநீரிலோ, கரைந்த கார்பன் டை ஆக்சைடு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கடத்தும். அளவி காட்டுவது அமிலத்தையா நீரையா என்று சொல்ல முடியாமல் போகிறது. எவ்வளவு நுட்பமான கருவி வாங்கினாலும் இந்த இடத்தில் அதனால் பயனில்லை.

இந்தச் சுவரைச் சுற்றிப்போக வழி காட்டியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிஷ் கோல்ராஷ். நேர்மின்னோட்டம் செலுத்தினால் மின்முனைகளில் வேதிவினை நடந்து அளவீடு கெடும். அதனால் 1870களில் அவர் மாறுமின்னோட்டத்தைப் பயன்படுத்திப் பல உப்புகளை அளந்தார். அந்த எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்றைய மதிப்புகளில் சொன்னால், பொட்டாசியம் குளோரைடு 149.9, சோடியம் குளோரைடு 126.5, வித்தியாசம் 23.4. குளோரைடுக்குப் பதில் நைட்ரேட்டை வைத்தால் 145.0, 121.6, மறுபடியும் 23.4. துணை யாராக இருந்தாலும், சோடியத்தைப் பொட்டாசியமாக மாற்றுவதற்கான கூடுதல் மாறவில்லை. அளவிலா நீர்த்தலில் ஒவ்வோர் அயனியும் மற்றதைப் பொருட்படுத்தாமல் தன் பங்கைச் சுமக்கிறது என்பதே இதற்குப் பொருள். அயனிகள் தனித்து இடம்பெயரும் விதி இதுதான்.

விதி கைக்கு வந்தபின் வினிகர் எளிது. நமக்கு வேண்டியது ஹைட்ரஜன், அசிட்டேட் இரண்டின் பங்குகளின் கூட்டல். முழுக்கப் பிரியும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஹைட்ரஜனும், சோடியம் அசிட்டேட்டில் அசிட்டேட்டும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டினால் சோடியமும் குளோரைடும் மிச்சமாக ஒட்டிக்கொள்ளும். அவை சேர்ந்தால் உப்பு, அதைக் கழித்துவிடலாம்.

426.2 + 91.0 − 126.5 = 390.7

எந்த அளவியாலும் நேரடியாக எட்ட முடியாத எண் இப்படிக் கிடைத்துவிட்டது. 0.01 மோலார் கரைசலின் 16.3ஐ இதால் வகுத்தால் 0.042. நூற்றில் நான்கு மூலக்கூறுகளே பிரிந்திருக்கின்றன. இதிலிருந்து கணக்கிடும் பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵.

கவனம் தேவைப்படும் இடங்கள் இரண்டு. கூட்டிக் கழிக்கும் மூன்று எண்களும் அளவிலா நீர்த்தலுக்கு உரியவையாக இருக்க வேண்டும். 0.1 மோலாரில் அளந்த மதிப்புகளை வைத்தால் விடை 357 அளவுக்குச் சரிந்துவிடும், ஏனெனில் அங்கே அயனிகள் ஒன்றையொன்று தடுக்கின்றன. அடுத்தது வெப்பநிலை. பழைய அட்டவணைகள் பல 18 டிகிரிக்கானவை. அதில் உப்பின் மதிப்பு 109தான். அந்த ஒன்றை மட்டும் 25 டிகிரி எண்களோடு கலந்தால் விடை 408 ஆகிவிடும்.

பிழையைக் கண்டுபிடிக்க, சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தை வைத்து மறுபடி கணக்கிட வேண்டும். பொட்டாசியம் அசிட்டேட் 114.4, பொட்டாசியம் குளோரைடு 149.9. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் 426.2உடன் சேர்த்துக் கணக்கிட்டால் மீண்டும் 390.7 வர வேண்டும். வராவிட்டால், எடுத்த எண்களில் ஏதோ ஒன்று வேறு நிலைமையில் அளக்கப்பட்டது.