ஆறு மூலை வீடும் ஏழாவது கோடும்

ஆங்கில எல் எழுத்தைப் போன்ற ஒரு வீட்டுக்கு ஆறு மூலைகள். நாலாபுறமும் சரிவு வைத்து அதற்கு ஓட்டுக்கூரை போடும்படி ரெவிட் மென்பொருளிடம் சொன்னால், வரைபடத்தில் சாய்வாக ஏழு கோடுகள் விழுகின்றன. ஆறு கோடுகள் ஆறு மூலைகளிலிருந்து கிளம்புகின்றன. ஏழாவது எந்த மூலையையும் தொடாமல் கூரையின் நடுவே தொடங்கி நடுவிலேயே முடிகிறது. புதிதாகக் கற்பவர்கள் அதைப் பிழை என்று நினைத்து அழிக்கப் பார்ப்பதுண்டு. உண்மையில் அது இருந்தால்தான் கூரை சரி.

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக 12 மீட்டர், தெற்கு வடக்காக 8 மீட்டர் உள்ள பெரிய கட்டு. அதன் தென்மேற்கு மூலையில், மேற்குச் சுவர் ஒரே நேராக வரும்படி, 5 மீட்டர் அகலத்தில் தெற்கே 4 மீட்டர் நீளும் சின்னக் கட்டு. சுவர் உயரம் 3 மீட்டர், கூரைச் சரிவு எல்லாப் பக்கமும் 30 டிகிரி, சுவருக்கு வெளியே கூரை நீள்வது 60 சென்டிமீட்டர்.

கணினியில் செய்ய வேண்டிய வேலை சொற்பம்தான். சுவர் முடியும் உயரத்தில் உள்ள தளத்தைத் திறந்து, Roof by Footprint கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் Pick Walls முறையில் Defines slope பெட்டியை டிக் செய்து, Overhang கட்டத்தில் 600 மில்லிமீட்டர் என்று கொடுத்து, வெளிச்சுவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் போதும். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் சிறு முக்கோணக் குறி வரும். அந்தப் பக்கம் சரிவு உண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு பக்கத்தில் டிக்கை எடுத்துவிட்டால் அங்கே சரிவு போய், சுவர் முக்கோணமாக மேலே எழ வேண்டிய இடம் கிடைக்கும். கோடுகள் ஒன்றோடொன்று மூடிய வளையமாகச் சேராவிட்டால் மென்பொருள் கூரையைப் போட மறுத்துவிடும்.

கூரையைப் போட்டு முடித்ததும் முதல் அதிர்ச்சி காத்திருக்கிறது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் தெரியும். நடுவில் பெரிய ஓட்டை. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரைபடம் வீட்டைத் தளத்திலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் வெட்டிக் காட்டும்படி அமைந்திருந்தால், நம் முகடு இருக்கும் 2.31 மீட்டர் உயரம் அந்த வெட்டுக்கு மேலே போய்விடுகிறது. View Range அமைப்பில் Top, Cut plane இரண்டின் உயரத்தையும் 3.5 மீட்டர் என்று ஏற்றினால் கூரை முழுதாகத் தெரியும், ஏழு கோடுகளோடு.

ஏழாவது கோடு ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கூரையைக் கிடைமட்டமாக ஒவ்வொரு உயரத்திலும் சீவிப் பார்க்கலாம். மேலே போகப்போக எல்லாப் பக்கமும் ஒரே அளவு உள்வாங்கி, வீட்டின் உருவம் சுருங்கிக்கொண்டே வரும். அப்போது வெளிமூலைகள் ஐந்தும் 45 டிகிரியில் உள்ளே நகரும். அவை நகர்ந்த தடங்கள்தான் மூலைக் கைமரங்கள் வரும் இடம். இரண்டு கட்டுகளும் சேரும் உள்மூலையும் அப்படியே நகரும். ஆனால் அதன் தடத்தில் சரிவுகள் மேடாக அல்லாமல் பள்ளமாகச் சந்திக்கின்றன. அதுதான் கூடல்வாய், மழைநீர் ஓடிவரும் வாய்க்கால்.

இப்படிச் சுருங்கும் உருவத்தின் மூலைத்தடங்களுக்குக் கணிதத்தில் 'ஸ்ட்ரெய்ட் ஸ்கெலிட்டன்' என்று பெயர். ஐக்ஹோல்சர், அவுரன்ஹாமர் முதலியோர் 1995-இல் எழுதிய கட்டுரை அதற்கு அந்தப் பெயரைத் தந்தது. தச்சர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கோடுகளின் மேல் மரம் அறுத்து ஏற்றியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நம் வீட்டில் ஒவ்வொரு பக்கமும் 2.5 மீட்டர் உள்வாங்கும்போது, 5 மீட்டர் அகலமுள்ள சின்னக் கட்டு ஒரு கோடாகச் சுருங்கி மறைகிறது. அந்த இடத்தில் அதன் முகடு முடிகிறது. உயரம் சுவரிலிருந்து 1.44 மீட்டர். கூடல்வாயும் அங்கேயே வந்து நிற்கிறது. மிச்சம் இருப்பது 7 மீட்டருக்கு 3 மீட்டர் கொண்ட ஒரு செவ்வகம். செவ்வகத்துக்கு நான்கு மூலை வேண்டுமே! தென்மேற்கில் அதுவரை இல்லாத ஒரு மூலை அந்தக் கணத்தில் பிறக்கிறது. அது தன் பங்குக்கு உள்ளே நகர்ந்து, 2.31 மீட்டர் உயரத்தில் பெரிய முகட்டைத் தொடுகிறது. அந்தச் சிறு தடம்தான் ஏழாவது கோடு. மேற்குச் சரிவும் பெரிய கட்டின் தெற்குச் சரிவும் மேடாகச் சந்திக்கும் இடம் அது. இரண்டு கட்டுகளும் ஒரே அகலமாக இருந்திருந்தால் முகடுகள் ஒரே உயரத்தில் நேரடியாகச் சேர்ந்திருக்கும். ஏழாவதுக்கு வேலையே இல்லை.

எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ கோடு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி அந்த மேற்குச் சுவராகத்தான் இருக்கும். பெரிய கட்டுக்கும் சின்னக் கட்டுக்கும் தனித்தனியாகச் சுவர் வரைந்து, இரண்டும் ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால், மென்பொருள் அந்த ஒரு சென்டிமீட்டருக்கும் நேர்மையாக ஒரு மூலையும் ஒரு கூடல்வாயும் போட்டுவிடும். கண்ணுக்கு இரட்டைக் கோடு போலத் தெரியும். கூரையைத் திருத்திப் பயனில்லை; சுவர்களை நேராக்கிவிட்டுத்தான் கூரைக்குத் திரும்ப வேண்டும்.

கூரை வெளியே நீளும் பகுதியில் வேறொரு சூட்சுமம். Pick Walls முறையில் வரைந்த கூரையின் உயரம் சுவரில் பிடித்து நிற்கிறது. அதனால் 60 சென்டிமீட்டர் வெளியே போனால் இறவாரம் ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் கீழே இறங்கும், தரையிலிருந்து 2.65 மீட்டர். அதையே வெறும் கோடுகளாக வரைந்தால் சரிவு அந்தக் கோட்டிலிருந்து தொடங்கும். இறவாரம் 3 மீட்டரில் நிற்க, கூரை முழுவதும் சுவரைவிட்டு 35 சென்டிமீட்டர் தூக்கிக்கொள்ளும். வெளித்தோற்றத்தில் இது தெரியாமல் போகலாம். குறுக்குவெட்டு எடுத்துப் பார்த்தால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி பல்லிளிக்கும்.

முன்பக்கம் திண்ணைக்காக மட்டும் 1.2 மீட்டர் நீட்டினால் அந்தப் பக்க இறவாரம் 2.31 மீட்டருக்கு இறங்கிவிடும். பக்கத்து இறவாரத்தோடு மட்டம் பொருந்தாது, மூலைக்கோடும் இறவார மூலையில் போய் விழாது. Align Eaves கட்டளை இறவாரங்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஆனால் அதற்கு விலையாக ஏதோ ஒரு பக்கத்தில் கூரை சுவரில் உட்காரும் உயரமோ வெளியே நீளும் அளவோ மாறும். அதை வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாதிரி சரியா என்று பார்க்க ஒரு சுலபமான கணக்கு உண்டு. எல்லாச் சரிவும் 30 டிகிரி என்பதால், இறவாரம் வரையிலான தரைப் பரப்பை 0.866-ஆல் வகுத்தால் கூரைப் பரப்பு வந்துவிடும். இந்த வீட்டுக்கு 146.24 சதுர மீட்டரை வகுத்தால் சுமார் 169. மென்பொருள் தரும் பரப்பு இதிலிருந்து விலகினால் எங்கோ ஒரு பக்கத்தின் சரிவு மாறியிருக்கிறது. சுவர்களுக்குள் அடங்கும் பரப்பு 116 சதுர மீட்டர்தான்; அதை நம்பி ஓடு வாங்கியவர் பாதியில் மறுபடி கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.

கூடல்வாய்த் தகடுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேலிருந்து அளந்தால் 4.38 மீட்டர், சாய்வாக மரத்தின் மேல் 4.74 மீட்டர். போதாததற்கு, கூரை 30 டிகிரி என்றாலும் கூடல்வாய் மூலைவிட்டமாகப் போவதால் அதன் சாய்வு 22 டிகிரிதான். இரண்டு சரிவுகளின் தண்ணீரும் சேர்ந்து இறங்கும் இடத்திலேயே கூரை படுத்துக்கிடக்கிறது. மாதிரியில் அங்கே தெரிவது ஒரே ஒரு மெல்லிய கோடு. எவ்வளவு அகலமான தகடு, ஓட்டுக்கு அடியில் எவ்வளவு தூரம் நுழைய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இல்லை. தனி விவர வரைபடமாகப் போட்டுத்தான் தச்சரிடம் கொடுக்க வேண்டும்.