பெயரற்ற பொத்தான்

விழிப்புலனற்ற ஒருவர் கையடக்கத் தொலைபேசியை எவ்வாறு பயன்படுத்துகின்றார் என்பது எம்மில் பலர் அறியாத விடயமாகும். அண்ட்ரொய்ட் தொலைபேசிகளில் டோக்பேக் என்ற திரைவாசிப்பான் உண்டு. விரலை வலப்புறமாக ஒருமுறை தள்ளினால் அது திரையிலுள்ள அடுத்த உறுப்புக்குச் சென்று அதன் பெயரையும், அது பொத்தானா எழுதும் பெட்டியா என்பதையும் வாய்விட்டுச் சொல்லும். இருமுறை தட்டினால் அந்தப் பொத்தான் இயங்கும்.

இத்தகைய ஒருவர் அரட்டைச் செயலியொன்றின் ஊடாகத் தமது இரத்தப் பரிசோதனை அறிக்கையை வைத்தியருக்கு அனுப்ப முற்படுகின்றார் எனக் கொள்வோம். எழுதும் பெட்டியைக் கடந்து விரலைத் தள்ளுகின்றார். "பெயரிடப்படாதது, பொத்தான்" என்கின்றது குரல். மீண்டும் தள்ளினால் மறுபடியும் அதே சொற்கள். அடுத்ததும் அவ்வாறே. பார்வையுள்ளவருக்கு அம்மூன்றும் காகிதப் பிடிப்பான், கமரா, ஒலிவாங்கி எனப் படங்களாகத் தெரிகின்றன. கேட்பவருக்கோ மூன்றும் ஒன்றே.

அவர் செய்யக்கூடியது ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பதுதான். பட்டியலொன்று திறந்து, ஆவணம், படத்தொகுப்பு, இருப்பிடம் என்ற சொற்கள் ஒலித்தால் தேடிய பொத்தான் கிடைத்துவிட்டது என்று பொருள். தவறானதைத் தட்டினால் வைத்தியருக்கு அழைப்பே போய்விடலாம். அறியாமலே குரல் பதிவு தொடங்கவும் கூடும். இதற்கு அஞ்சித் தொலைபேசியை அடுத்தவர் கையில் கொடுத்து, "இதை அனுப்பிவிடுங்கள்" என்று கேட்பவர்கள் பலர். அவ்வேளையில் பரிசோதனை முடிவு மாத்திரமன்றி, முன்னைய உரையாடல்கள் யாவும் அந்த அடுத்தவரின் கண்ணில் படுகின்றன.

பொத்தானைக் கண்டுபிடித்தபின் அதற்குத் தாமே பெயரிடவும் வழியுண்டு. பொத்தானில் நின்றவாறு, விரலைக் கீழ்நோக்கியும் உடனே வலப்புறமும் இழுத்தால் டோக்பேக் பட்டியல் திறக்கும். அதில் பெயர் சேர்க்கும் தெரிவு இருக்கும். எனினும், செயலியை எழுதியவர் அப்பொத்தானுக்கு உள்ளடையாளம் ஒன்றைக் கொடுத்திருந்தால் மாத்திரமே இது இயலும். புதிய பதிப்பில் அந்த அடையாளம் மாறினால் சூட்டிய பெயர் பயனற்றுப் போகும். அது மற்றவரது தொலைபேசிக்குத் தானாகச் சென்று சேர்வதுமில்லை.

உண்மையான திருத்தம் செயலியை ஆக்குவோரிடமே உள்ளது. படத்தைப் பார்த்து அதன் பயனை ஊகிப்பது திரைவாசிப்பானின் அடிப்படை வேலையன்று. தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டதையே அது வாசிக்கும். படப் பொத்தானுக்குத் தேவைப்படுவது இந்த ஒரு வரிதான்:

```
android:contentDescription="@string/attach_file"
```

இந்த வரி விடுபட்டால், செயலியை ஆக்கும் கருவியே எச்சரிக்கை காட்டும். அதனைப் பொருட்படுத்தாது விடுவோரே அதிகம். திரையில் எல்லாம் சரியாகவே தெரிவதும், பரிசோதிப்போர் கண்ணால் மாத்திரம் பரிசோதிப்பதும் இதற்குக் காரணம். 2008 ஆம் ஆண்டு வெளியான வலை உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் 4.1.2 ஆவது விதி, ஒவ்வோர் இயக்கு உறுப்புக்கும் மென்பொருள் அறியக்கூடிய பெயர் இருத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. ஆகவே இது புதிய கோரிக்கையன்று.

என்ன பெயர் வைப்பது என்பதிலும் கவனம் தேவை. "காகிதப் பிடிப்பான்" என்பது படத்தின் பெயரேயன்றி வேலையின் பெயரன்று. "பொத்தான்" என்ற சொல்லைப் பெயரில் சேர்த்தால், அதனைத் திரைவாசிப்பானும் சொல்வதால், "பொத்தான் பொத்தான்" என்று ஒலிக்கும். தமிழில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. "இணைப்பு" என்று மாத்திரம் எழுதினால், கேட்பவர் அதனை இணையப் பக்கத்துக்கான இணைப்பு எனவும் விளங்கிக்கொள்வார், தொலைபேசித் தொடர்பு எனவும் விளங்கிக்கொள்வார். கண்ணுக்கு அருகிலுள்ள படம் அந்த ஐயத்தைத் தீர்த்துவிடும்; காதுக்கு அவ்வுதவி இல்லை. "கோப்பை இணைக்க" என்பது எமது நோக்கில் பொருத்தமானது. ஆங்கிலத்தில் பெயரிட்டுவிட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பில் இவ்வரிகளை மறந்துவிடும் செயலிகளில், தமிழ்க் குரலுக்கு நடுவே ஆங்கிலச் சொல் வந்து விழுவதையும் கேட்கலாம்.

முறையிட விரும்புவோர் "செயலி வேலை செய்யவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. செயலியின் பதிப்பெண், திரைவாசிப்பானின் பெயர், எந்தத் திரை, எழுதும் பெட்டிக்கு அடுத்து எத்தனையாவது பொத்தான், அங்கு கேட்ட சொற்கள் எவை என்பவற்றைக் குறிப்பிட்டால் திருத்துபவர் அவ்விடத்தை உடனே கண்டுகொள்வார். திருத்தம் வந்தபின்னரும் அடுத்த பெரிய புதுப்பிப்பின்போது மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. திரையின் தோற்றத்தை மாற்றியமைக்கும் வேளைகளில் இந்த ஒற்றை வரி மறுபடியும் காணாமற்போவதுண்டு.