“சிறுவயது முதலே தீராத ஆர்வம்”: விண்ணப்பக் கடிதத்தில் வேலை செய்யாத சொற்கள்

கடந்த சில ஆண்டுகளாக வன்னி மாணவர்கள் சிலரின் புலமைப்பரிசில் விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் வாசித்துக் கொடுத்து வருகிறேன். ‘உங்களைப் பற்றி எழுதுங்கள்’ என்ற பகுதிதான் என்னிடம் அதிகம் வரும். பத்தில் எட்டு இப்படித் தொடங்கும்:

“சிறுவயது முதலே விவசாயத்துறை மீது தீராத ஆர்வம் கொண்ட நான், போரினால் பாதிக்கப்பட்ட எமது சமூகத்தின் மேம்பாட்டிற்காக அர்ப்பணிப்புடன் செயற்பட்டு வருகிறேன்.”

பூநகரிப் பக்கத்து மாணவி ஒருவர் எழுதியது இது. அவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விபரங்களை மாற்றித்தான் இங்கே சொல்கிறேன். வசனத்தில் இலக்கணப் பிழை இல்லை, பொய்யும் இல்லை. ஆனால் ‘விவசாயத்துறை’யை எடுத்துவிட்டு ‘மருத்துவம்’ என்று போட்டுப் பாருங்கள். ‘ஊடகத்துறை’ என்று போடுங்கள். வசனம் அப்படியே நிற்கும். யார் பெயருக்குக் கீழும் பொருந்துகிற வசனம் விண்ணப்பித்தவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரே நாளில் அறுபது, எழுபது கடிதங்களை வாசிக்கிற தெரிவுக்குழு உறுப்பினரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆர்வம் என்பது மனதுக்குள் இருக்கும் ஒன்று. அதை வாசிப்பவரால் பார்க்க முடியாது. அந்த ஆர்வம் அவரை எங்கே போகவைத்தது, எதைச் செய்யவைத்தது என்பதைத்தான் பார்க்க முடியும். அதனால் அந்த மாணவியிடம் ‘ஏன் விவசாயம் பிடிக்கும்?’ என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் இன்னும் நாலு அலங்காரச் சொற்கள்தான் வரும். “போன சனிக்கிழமை என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“கிணறு பார்க்கப் போனேன் சேர்” என்றார்.

எத்தனை கிணறு? பதினாலு. என்ன பார்ப்பீர்கள்? தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று. எதைக்கொண்டு? அறிவியல்நகரில் விவசாய பீடத்தில் படித்தபோது இரவல் வாங்கிய மின்கடத்துதிறன் மானி. எங்கே எழுதி வைக்கிறீர்கள்? ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்றரை வருடக் கணக்கு, கிணறு கிணறாக, திகதியோடு. இதில் ஒரு வரிகூட விண்ணப்பத்தில் இல்லை. “இது சின்ன வேலைதானே” என்பதுதான் அவர் சொன்ன காரணம். பெரிய சொற்கள்தான் பெரிய இடத்துக்குப் பொருத்தம் என்று நமக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளே பழக்கியிருக்கின்றன.

அடுத்தது வினைச்சொல். நமது உத்தியோகத் தமிழில் ஒரு நோய் உண்டு. ‘ஈடுபட்டேன்’, ‘மேற்கொண்டேன்’, ‘பங்களிப்பு வழங்கினேன்’, ‘செயற்பட்டேன்’ என்று எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். இந்தச் சொற்களில் கை கால் எதுவும் அசைவதில்லை. “நீர்த்தரம் தொடர்பான விழிப்புணர்வுச் செயற்பாடுகளில் ஈடுபட்டேன்” என்று அவர் எழுதியிருந்தார். உண்மையில் நடந்தது என்ன? கொப்பியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடுகளுக்குப் போய், மோட்டர் போடும் நேரத்தை மாற்றச் சொல்லிப் பேசியிருக்கிறார். அளந்தேன், ஒப்பிட்டேன், கேட்டேன், சம்மதிக்கவைத்தேன். இவைதான் அவரது வினைகள். ‘நடாத்தப்பட்டது’, ‘முன்னெடுக்கப்பட்டது’ போன்றவை இன்னும் மோசம். யார் செய்தது என்பதையே மறைத்துவிடும். தன்னைப் பற்றி எழுதும் கடிதத்தில் ஆள் காணாமல் போனால் என்ன மிச்சம்?

இரண்டு மாலைகள் இருந்து பேசிய பின் அவர் எழுதிக்கொண்டு வந்தது இது:

“2010இல் நாங்கள் மீள்குடியேறியபோது எங்கள் கிணற்றை மூன்று நாள் இறைத்தோம். நாலாம் நாளும் தண்ணீர் உவர்த்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. 2023 ஜூனிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் ஊரின் 14 கிணறுகளில் உவர்த்தன்மையை அளந்து வருகிறேன். மாரி மழைக்குப் பின் 12 கிணறுகளில் உப்புக் குறைந்தது. கடனீரேரிக் கரையோரமாக உள்ள இரண்டில் குறையவில்லை. அந்த இரண்டிலும் மின்மோட்டர் தினமும் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடியது. ஒரு வீட்டாரிடம் பேசி, காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி எனப் பிரித்து இறைக்கச் செய்தேன். ஐந்து கிழமைகளில் அளவு இறங்கத் தொடங்கியது. மற்ற வீட்டார் மறுத்துவிட்டார்கள். நிலத்துக்குக் கீழே நன்னீர் எந்த ஆழத்தில் முடிந்து உவர்நீர் தொடங்குகிறது என்று கண்டறியும் முறை எனக்குத் தெரியாது. அதைக் கற்கவே இந்தப் பாடநெறிக்கு விண்ணப்பிக்கிறேன்.”

ஆர்வம், அர்ப்பணிப்பு, தாகம் எதுவும் இதில் இல்லை. மறுத்த வீட்டாரை விட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லாம் வெற்றியாக முடிகிற கடிதத்தை அனுபவமுள்ள வாசகர் நம்பமாட்டார். அதோடு, தெரியாததைச் சொன்ன அந்த வசனம்தான் ‘ஏன் இந்தப் பாடநெறி?’ என்ற கேள்விக்கு விடை.

போரைப் பற்றி அவர் முதலில் எழுதியதையும் சொல்லவேண்டும். ‘போரினால் பாதிக்கப்பட்ட’ என்பதும் இப்போது ‘தீராத ஆர்வம்’ மாதிரித் தேய்ந்த சொற்றொடர் ஆகிவிட்டது. நம்மைப் பற்றிய ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் அது இருக்கிறது. தெளிவாக எழுதுங்கள் என்று நான் சொன்னதும், அடுத்த பிரதியில் அவர் ஷெல்லடியை, முகாமை, இழந்த அண்ணாவை எல்லாம் ஒரே பந்தியில் கொண்டுவந்து கொட்டியிருந்தார். தெளிவாக எழுதுவது என்றால் காயத்தைத் திறந்து காட்டுவது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கப் பழக்கியவர்கள் யார் என்பது வேறு கதை.

என்னுடைய கணிப்பு இது: கேட்கப்பட்ட கேள்விக்குப் போர் நேரடி விடையாக இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால், செய்த வேலைக்கு அது எங்கே காரணமாகிறதோ அந்த இடத்தை மட்டும் எழுதினால் போதும். நேர்முகத்தேர்வில் முன்பின் தெரியாத மூன்று பேர் அதைப் பற்றிக் கேட்டால் தடுமாறாமல் சொல்ல முடியுமா என்று முதலில் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டும். அண்ணாவைப் பற்றிய வரிகளை அந்த மாணவி தானே எடுத்துவிட்டார். கிணறு நின்றது. மூன்று நாள் இறைத்தும் உவர்த்த தண்ணீரில் மீள்குடியேற்றம் என்றால் என்ன என்பது இருக்கிறது.

விபரம் சேர்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. பிரித்தானியப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் நிறுவனத்துக்காக 2007இல் சுமார் 50,000 சுயவிபரக் கூற்றுகளை மென்பொருளால் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எட்டாவது பிறந்தநாளில் இரசாயனப் பரிசோதனைப் பெட்டியோடு விளையாடி, பைஜாமாவில் தற்செயலாக ஓட்டை விழும்படி எரித்துக்கொண்டதிலிருந்துதான் அறிவியலில் ஈடுபாடு வந்தது என்று 234 பேர் எழுதியிருந்தார்களாம். இணையத்தில் கிடந்த ஒரு மாதிரியில் இருந்து எடுத்தது. அதுவும் தெளிவான விபரம்தான், ஆனால் அவர்களுடையது இல்லை. ‘ஆர்வம்’ என்று எழுதியவர் கவனிக்கப்படாமல் போவார். இரவல் விபரம் எழுதியவர் பிடிபடுவார்.

இங்கும் வட்ஸ்அப்பில் மாதிரிக் கடிதங்கள் சுற்றுகின்றன. அமைப்பைப் பார்க்கலாம், வசனத்தை எடுக்கவேண்டாம். கொப்பியில் 14 கிணறு என்றால் 14 என்றே எழுதுங்கள், 40 ஆக்காதீர்கள். மறுத்த அயலவரின் பெயரையோ காணியையோ எழுதவும் வேண்டாம். அவர் நமது விண்ணப்பத்துக்குச் சம்மதம் தரவில்லை.

இன்னொன்று. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியரிடம் வெறுங்கையோடு போனால் “கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், தலைமைத்துவப் பண்பு மிக்கவர்” என்றுதான் எழுதித் தருவார். அவர்மீது குற்றமில்லை, ஐம்பது பேருக்கு எழுதுகிறார். அந்த மாணவி கொப்பியின் நாலு பக்கங்களைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். விரிவுரையாளர் எழுதிய கடிதத்தில் மானியை இரவல் வாங்கிய திகதிகூட இருந்தது.