ஆடிய பாலமும் நாலாயிரம் எழுத்தும்

லண்டனின் ஹாரோ பகுதியில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஒரு தமிழ்ப் பள்ளி. கடந்த செப்டம்பரில் ஒருநாள், வகுப்பு முடிந்த பிறகும் ஏ லெவல் படிக்கும் மாணவர்கள் பதினைந்து பேர் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதே பள்ளியில் படித்து, இப்போது கட்டடப் பொறியியலில் இரண்டாம் ஆண்டுக்குப் போகும் ஒரு பெண் அவர்களிடம் இருபது நிமிடம் பேச வந்திருந்தார். 2023-ல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது தான் எழுதிய முதல் வரைவையே கையோடு கொண்டுவந்திருந்தார். எடுத்ததும் அதன் முதல் வரியை வாசித்தார்: சிறுவயதிலிருந்தே பாலங்கள் என்னைக் கவர்ந்தன.

“இதிலை ஒரு சொல்லும் உண்மை இல்லை” என்றார். “சின்ன வயசிலை எனக்குப் பாலத்திலை போகவே பயம்.”

பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் ‘யூகாஸ்’ என்ற பொது அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து படிப்புகள் வரை தேர்ந்தெடுக்கலாம். அதோடு ‘பர்சனல் ஸ்டேட்மென்ட்’ ஒன்றும் எழுத வேண்டும். ஐந்து இடங்களுக்கும் போவது அதே எழுத்துதான். ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தால் மற்ற நான்கும் அதைப் படிக்கும். இடைவெளியையும் சேர்த்து 4,000 எழுத்துருக்கள்தான் மொத்த அளவு. ஆங்கிலத்தில் ஏறக்குறைய 600 சொற்கள். அனுப்பிவிட்டால் திருத்த முடியாது.

பேசிய பெண்ணின் காலத்தில் அது ஒரே கட்டுரையாக இருந்தது. 2026-ல் சேர்பவர்களிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். ஏன் இந்தப் பாடம், இதுவரை படித்தது அதற்கு உங்களை எப்படித் தயார் செய்தது, படிப்புக்கு வெளியே வேறு என்ன செய்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துருக்கள். மொத்தம் அதே 4,000.

பொய்யான தொடக்கம் எழுதியவர் அவர் மட்டுமல்ல. 2007-ல் யூகாஸ் ஏறக்குறைய 50,000 விண்ணப்பங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடித் தங்கள் பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டதாக 234 பேர் எழுதியிருந்தார்கள். இணையத்தில் கிடந்த ஒரே மாதிரிக் கட்டுரையிலிருந்து வந்த ஓட்டை அது. இன்று எல்லா விண்ணப்பங்களையும் மென்பொருள் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகிறது. ஆனால் அந்தப் பெண் சுட்டிக்காட்டியது வேறொன்று. அவருடைய முதல் வரி எங்கிருந்தும் திருடியதல்ல. இருந்தும் அந்தக் கட்டில் இருந்த யாருடைய வரியாகவும் அது இருந்திருக்கலாம்.

அவருடைய முதல் வரைவு 5,800 எழுத்துருக்கள். பரதநாட்டிய அரங்கேற்றம், நெட்பால் அணி, ஏழு புத்தகங்களின் பெயர், கணிதத்தில் வாங்கிய மதிப்பெண் எல்லாம் அதில் இருந்தன. மதிப்பெண்ணுக்கு விண்ணப்பத்தில் தனி இடம் உண்டு, நல்ல மாணவி என்று சொல்ல ஆசிரியரின் பரிந்துரை உண்டு என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. படிக்கப்போகிறவர் அந்தப் பாடத்தையே கற்பிக்கும் ஒருவராக இருக்கலாம் என்பதும்தான். பாலத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறவரிடம் போய், பாலம் அழகு என்று சொல்லி என்ன பயன்?

அந்த வரைவில் ஒரே ஒரு வரி தப்பித்தது. தேம்ஸ் நதியின் மேல் இருக்கும் மில்லேனியம் நடைபாலத்தைப் போய்ப் பார்த்தேன் என்ற வரி. அவருடைய இயற்பியல் ஆசிரியர் அதன் கீழே கோடு போட்டு, “பார்த்து?” என்று மட்டும் எழுதியிருந்தாராம்.

அந்தப் பாலத்தின் கதை பொறியியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. 2000 ஜூன் 10-ல் திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது 2002 பிப்ரவரியில். கூட்டம் பட்டாளம்போல ஒரே தாளத்தில் நடந்ததால் ஆடியது என்றுதான் அவரும் எழுதியிருந்தார். ஆசிரியரின் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு மீண்டும் போய்ப் பாலத்தில் நின்று, நடப்பவர்களின் கால்களை எண்ணினார். ஒரு விநாடிக்குச் சுமார் இரண்டு அடி. யாரும் யாரோடும் சேர்ந்து நடக்கவில்லை. அப்படியானால் தாளம் எங்கிருந்து வந்தது?

இடது கால் ஊன்றும்போது உடல் ஒரு பக்கம் லேசாகத் தள்ளுகிறது, வலது கால் ஊன்றும்போது மறுபக்கம். ஆகவே பக்கவாட்டுத் தள்ளல் விநாடிக்கு ஒரு சுற்று. பாலமும் பக்கவாட்டில் ஏறக்குறைய அந்த வேகத்தில் ஆடக்கூடியது. முதலில் ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தரை அசையும்போது நடப்பவர் விழாமலிருக்கக் காலைச் சற்று அகட்டி, அசைவுக்கு ஏற்ப அடி வைப்பார். அது ஆட்டத்தைக் கூட்டும். கூடிய ஆட்டம் இன்னும் பலரை அதே தாளத்துக்கு இழுக்கும். கூட்டம் பாலத்தை ஆட்டியது பாதி, பாலம் கூட்டத்தை ஆட்டியது மீதி. பாலத்தை விறைப்பாக்கினால் அதன் மெல்லிய உருவமே போய்விடும் என்பதால், மோட்டார் வண்டியின் அதிர்வு தாங்கிகளைப் போன்ற தணிப்பான்களைத் தளத்தின் அடியில் பொருத்தித்தான் சரிசெய்தார்கள்.

அவருடைய இறுதி எழுத்தில் இதற்கு 900 எழுத்துருக்கள் போயின. முதலில் தவறாக நினைத்தது, கால்களை எண்ணியது, எண்ணிக்கை தன் விளக்கத்தோடு ஒத்துப்போகாதது என்ற வரிசையில் எழுதினார். நெட்பாலும் அரங்கேற்றமும் உதிர்ந்தன. அரங்கேற்றம் போனதில் அம்மாவுக்கு வருத்தம்தான். நடனத்தையே படிக்கப் போகிறவருக்கு அது முதல் பத்தியாக இருந்திருக்கும்.

ஒரு புத்தகத்தின் பெயரை மட்டும் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜே.இ. கோர்டன் எழுதிய ‘ஸ்ட்ரக்சர்ஸ்’. இரண்டு அத்தியாயம்தான் படித்திருந்தார். ஒரு பல்கலைக்கழக நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வந்தது: பொறியியல் புத்தகத்தில் பெண்களின் உடைக்கு என்ன வேலை? துணியை நூலோட்டத்துக்குக் குறுக்காக, 45 பாகையில் வெட்டினால் அது இழுபட்டு உடலோடு படியும். சறுக்குவிசையை விளக்க கோர்டன் எடுத்த உதாரணம் அது, பின்பாதியில் வருகிறது. அவர் விழித்தார். அந்த இடம் கிடைக்கவில்லை.

எல்லாப் படிப்புக்கும் இந்த எழுத்து இடத்தைத் தீர்மானிப்பதில்லை. பல இடங்களில் மதிப்பெண்ணே முடிவு செய்துவிடும். போட்டி கடுமையான படிப்புகளிலும், ஒரு மதிப்பெண் குறைந்தவரை எடுப்பதா விடுவதா என்ற தயக்கத்திலும்தான் அதற்குக் கனம் கூடுகிறது. பேச்சில் வராத ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். 2012-ல் சட்டன் டிரஸ்ட் வெளியிட்ட ஆய்வில் ஸ்டீவன் ஜோன்ஸ், ஒரே மதிப்பெண் பெற்ற மாணவர்களின் எழுத்துகளை ஒப்பிட்டார். தனியார் பள்ளி மாணவர்களுடையவற்றில் பிழை குறைவு, பெயர்பெற்ற இடங்களில் வேலை பார்த்த அனுபவம் அதிகம். யாருக்குத் திருத்திக் கொடுக்க ஆள் இருந்தது, யாருடைய அப்பாவுக்கு யாரைத் தெரியும் என்பதும் அந்த 4,000 எழுத்துருக்களுக்குள் வந்துவிடுகிறது. தனிக் கேள்விகளாகப் பிரித்ததால் இந்த இடைவெளி முழுக்க மூடிவிடும் என்று நம்ப முடியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கை தூக்கினான். பொருளாதாரம் படிக்கப் போகிறவன்.

“அக்கா, நான் ஒரு இடமும் போய்ப் பாக்கேல்லை. சனி ஞாயிறு அப்பான்ரை கடையிலைதான் நிக்கிறன். அதை எழுதேலாதுதானே?”

“கடையிலை என்ன செய்வாய்?”

“கல்லாவிலை நிப்பன். பாணுக்கு ஓடர் குடுக்கிறதும் நான்தான்.”

“எத்தினை குடுக்கிறது எண்டு எப்படித் தெரியும்?”

அவன் யோசித்தான். போன வருசம் பாணின் விலையைப் பத்துப் பென்ஸ் கூட்டினார்களாம். பாண் விற்பனை குறையவே இல்லை. ஆனால் பாணோடு சேர்த்து வெண்ணெய் வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அப்பா நம்பவில்லை, இவன் ரசீதுகளை எடுத்து எண்ணிக் காட்டியிருக்கிறான்.

“எத்தினை கிழமை எண்ணினாய்?”

“ஆறு.”

“ஆறு போதுமோ?”

“போதாது அக்கா. நடுவிலை பள்ளிக்கூட லீவு வந்திட்டுது. அந்த ரெண்டு கிழமையும் எல்லாமே குறைஞ்சுதான் போச்சு.”

“அதையும் எழுது” என்றார் அவர். மூன்றாம் கேள்வியில் எழுதுவதா, முதல் கேள்வியிலா என்று அவன் கேட்டான். மூன்றையும் சேர்த்துத்தான் படிப்பார்கள், ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதாமலிருந்தால் சரி என்று பதில் வந்தது. அதற்குள் பள்ளி மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டார்.