கடை மூடிக் கிடந்த மாதத்துக்கும் வாடகை உண்டா?

டெல்லியின் கான் மார்க்கெட்டில் ஒரு செருப்புக் கடை. 1975-இல் மாதம் 300 ரூபாய் வாடகைக்குப் பிடித்த இடம் அது. காலப்போக்கில் உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் வழக்கு மூண்டு, 2017-இல் காலி செய்யும்படி உத்தரவானது. மேல்முறையீடு முடியும்வரை கடையில் இருக்க வேண்டுமானால் மாதம் மூன்றரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. அப்படியே கட்டிவந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைத்தெரு முழுதும் ஷட்டர் இறங்கியது. விற்பனையே இல்லாதபோது இந்தப் பணத்தை எப்படிக் கட்டுவது, நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டு நீதிமன்றம் போனார்கள்.

2020 மே 21 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் தீர்ப்பளித்தார். பணம் கட்டச் சற்றுக் கால அவகாசம் கிடைத்தது. நிறுத்திவைக்கும் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

எட்டு மாதம் கழித்து, 2021 ஜனவரியில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதே கேள்விக்கு வேறு விடை வந்தது. நாகர்கோவில் மாநகராட்சிக்குச் சொந்தமான பேருந்து நிலையக் கடை ஒன்றை நடத்திவந்தவர் தொடுத்த வழக்கு அது. உள்ளாட்சிக் கடைகளுக்கு இரண்டு மாதக் கட்டணத்தை அரசு தள்ளுபடி செய்திருந்தது. பேருந்தே ஓடாத காலம் அதைவிட நீண்டது, அதற்கும் தள்ளுபடி வேண்டும் என்றார் அவர். ஊரடங்கு மனித சக்திக்கு மீறிய நிகழ்வுதான் என்று ஏற்றுக்கொண்ட நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முழு ஊரடங்குக் காலக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய உத்தரவிட்டார்.

இரண்டுமே கடைகள்தாம், இரண்டையும் மூடவைத்ததும் அதே ஊரடங்குதான். ஒருவர் கட்ட வேண்டியிருந்தது, இன்னொருவருக்குத் தள்ளுபடி கிடைத்தது. வெள்ளத்திலோ அரசு உத்தரவிலோ மூடிக் கிடக்கும் இடத்துக்கு வாடகை உண்டா என்று கேட்பவர் யாராக இருந்தாலும், இந்த வேறுபாட்டின் காரணத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

‘ஃபோர்ஸ் மஜூர்’ என்று வழக்கறிஞர்கள் சொல்வது, ஒப்பந்தம் போட்ட இருவரின் கட்டுப்பாட்டுக்கும் அப்பாற்பட்ட நிகழ்வை. வெள்ளம், போர், தீ, நிலநடுக்கம் போன்றவை இதில் அடங்கும். அப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் எழுதியபடி நடக்கும். எழுதாவிட்டால், 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 56-ஆவது பிரிவு இருக்கிறது: நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது. கல்யாண மண்டபத்தை ஒரு தேதிக்குப் பேசி, அந்தத் தேதியில் மண்டபமே தண்ணீரில் நின்றால், இந்தப் பிரிவு கைகொடுக்கக்கூடும்.

ஆனால் வாடகைக்கு விட்ட கட்டடத்துக்கு இது பொருந்தாது. பலரும் சறுக்குவது இங்கேதான். வாடகைக்கு விடும்போது, அந்த இடத்தின் மீதான ஓர் உரிமையே உரிமையாளரிடமிருந்து வாடகைதாரர் கைக்கு மாறிவிடுகிறது என்று சட்டம் பார்க்கிறது. சாவி கொடுத்த அன்றே உரிமையாளரின் முக்கியமான வேலை முடிந்துவிட்டது. அதன்பிறகு ‘நிறைவேற்ற முடியாமல் போனது’ என்று சொல்ல அவர் பக்கம் மிச்சமில்லை.

இந்தக் கொள்கை நிலைபெற்றது தேசப் பிரிவினை வழக்குகளில். மேற்கு பஞ்சாபில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பணம் கட்டி, நிலத்தையும் பெற்றுக்கொண்ட ஒருவர் 1947 கலவரத்தில் அதை விட்டு இந்தியாவுக்கு வர நேர்ந்தது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டார். 1968-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது; குத்தகை நிறைவேறிவிட்டது, 56-ஆவது பிரிவுக்கு வேலையில்லை என்றது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இன்னொரு வழக்கில் குஜ்ரன்வாலா பக்கத்து நிலம். அங்கே பணம் கட்டியிருந்தார்கள், குத்தகைப் பத்திரம் முடிவாகவில்லை, நிலமும் கைக்கு வரவில்லை. வெறும் பேச்சுறுதியாக நின்ற அந்த ஒப்பந்தம் பிரிவினையால் முறிந்துவிட்டது என்று கூறி, பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது அதே நீதிமன்றம்.

கான் மார்க்கெட் கடைக்கு எதிராக நின்றது 1968-இன் அந்தத் தீர்ப்புதான். நாகர்கோவில் வழக்கில் இருந்த இரண்டு விவரங்கள் வேறு. பேருந்து நிலையக் கடை குத்தகையில் தரப்பட்டதல்ல, உரிமம் என்ற பெயரில் தரப்பட்டது. இடத்தின் மீதான உரிமை மாறாமல், வியாபாரம் செய்துகொள்ளும் அனுமதி மட்டும் அதில் கிடைக்கிறது. மேலும், கட்டணம் கேட்பது அரசின் ஓர் அங்கம், கடையை மூடச் சொன்னதும் அரசு. தனியார் கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர் இந்தத் தீர்ப்பை மட்டும் காட்டி வாடகையை நிறுத்தினால் சிக்கலில் மாட்டுவார்.

அப்படியானால் வெள்ளத்தில் மூழ்கிய கடைக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லையா? இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவில் தீ, புயல், வெள்ளம், கலகக் கும்பலின் வன்முறை எல்லாவற்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இவற்றால் இடத்தின் முக்கியமான பகுதி முழுதும் அழிந்தாலோ, எதற்காக வாடகைக்கு எடுத்தாரோ அதற்கு நிரந்தரமாக உதவாமல் போனாலோ, வாடகைதாரர் விரும்பினால் குத்தகையை முடித்துக்கொள்ளலாம். சேதம் அவருடைய தவறால் வந்ததாக இருக்கக்கூடாது.

இந்த வரியில் ‘நிரந்தரமாக’ என்பது மிகப் பெரிய கதவடைப்பு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தரைத்தளக் கடைகளில் சரக்கு போயிற்று, வயரிங் போயிற்று, மர அலமாரிகள் உப்பிப் பிளந்தன. ஆனாலும் தண்ணீர் வடிந்து, சுவர் காய்ந்து, மறுபடி திறக்க முடிந்த கடை சட்டத்தின் கண்ணில் நிரந்தரமாகக் கெட்ட கடையல்ல. இந்தப் பிரிவு தருவது வாடகைக் குறைப்பும் அல்ல. வெளியேறும் உரிமை மட்டுமே. கடையை விடவும் மனமில்லை, மூடிக் கிடந்த மாதத்துக்குக் கட்டவும் முடியாது என்று நிற்கும் வியாபாரிக்கு இதில் வழியில்லை. உண்மையில் பெரும்பாலோர் நிற்பது அந்த இடத்தில்தான். 1882-இல் எழுதப்பட்ட ஒரு வரி அவர்களை இன்னும் கைவிட்டே வைத்திருக்கிறது.

2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது. வெள்ளம், புயல், தீ போன்ற பேரிடரால் குடியிருக்க முடியாமல் போனால், உரிமையாளர் சீர்செய்து தரும்வரை வாடகை கேட்கக்கூடாது என்கிறது அது. ஆனால் அது மாதிரிதான்; ஒரு மாநிலம் தன் சட்டமன்றத்தில் நிறைவேற்றினால்தான் அங்கே செல்லும். தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தனிச் சட்டம்.

ஆகவே நடைமுறையில் வாடகைதாரரைக் காப்பது ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பத்தி. கடைத்தெருவில் கிடைக்கும் அச்சடித்த மாதிரிப் பத்திரங்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. பெரிய வணிக வளாகங்களின் ஒப்பந்தங்களில் இருக்கும், ஆனால் பல சமயம் ‘பணம் செலுத்தும் கடமைக்கு இது பொருந்தாது’ என்ற வாக்கியமும் கூடவே ஒளிந்திருக்கும். அந்த ஒரு வாக்கியம் மொத்தப் பாதுகாப்பையும் தின்றுவிடும். ஒரு சிறு கடைக்கு இப்படி எழுதிக்கொள்ளலாம்:

“வெள்ளம், புயல், தீ ஆகியவற்றாலோ, வாடகைதாரரின் தவறில்லாமல் வந்த அரசு உத்தரவாலோ கடையை முழுதாகவோ பகுதியாகவோ பயன்படுத்த முடியாமல் போனால், அந்த நாட்களுக்கு, பயன்படுத்த முடியாத பரப்பின் விகிதத்தில் வாடகை கிடையாது. வாடகைதாரர் ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்நிலை 60 நாளைத் தாண்டினால் இருவரில் யாரும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். முன்பணம் திருப்பித் தரப்படும்.”

இதை ஒரு கற்பனைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 600 சதுர அடி மளிகைக் கடை, வாடகை மாதம் 30,000 ரூபாய், அதாவது நாளுக்கு 1,000. பன்னிரண்டு நாள் முழுதும் மூடல்: 12,000 ரூபாய் கழியும். அடுத்த இருபது நாள் முன்பக்கம் திறந்தாயிற்று, பின்னால் 200 சதுர அடி கிடங்கில் மட்டும் ஈரம் காயவில்லை. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் இருபதாயிரத்தில் 6,667 ரூபாய் கழியும். மொத்தம் 18,667. பத்தி இல்லாத கடைக்காரருக்கு, சட்டப்படி கழிவு ஒரு ரூபாய்கூட இல்லை.

‘அரசு உத்தரவு’ என்பதைத் தனியாகச் சேர்ப்பது அவசியம். வெள்ளம், தீ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தங்கள் 2020-இல் ஊரடங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூடலுக்குக் காரணம் உரிமையாளரே என்றால் கதை வேறு. அனுமதியில்லாமல் கட்டியதற்காக அதிகாரிகள் கட்டடத்துக்கு சீல் வைத்தால், அது யாருக்கும் அப்பாற்பட்ட நிகழ்வு அல்ல. இடையூறின்றி இடத்தை அனுபவிக்க விடுவதாக உரிமையாளர் தந்த உறுதி அங்கே உடைகிறது. அதேபோல, உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பை அறிவிப்புக்குப் பிறகும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், வாடகைதாரர் தாமே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளவும் 108-ஆவது பிரிவு இடம் தருகிறது. அதற்கு எழுத்தில் அனுப்பிய அறிவிப்பும் ரசீதுகளும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் பத்தியும் இல்லை, தண்ணீரும் புகுந்துவிட்டது என்றால், தானாக வாடகையை நிறுத்துவதுதான் மிக ஆபத்தான முடிவு. தமிழ்நாட்டுச் சட்டப்படி இரண்டு மாத பாக்கி வைத்து, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமலிருந்தால் அதுவே வெளியேற்றக் காரணமாகலாம். கடை இழந்த வியாபாரத்தோடு கடையையே இழக்க நேரிடும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி தேதியோடு படம் எடுத்து, மின் இணைப்பு துண்டிக்கப்பட்ட நாளையும் திரும்ப வந்த நாளையும் குறித்து, அந்த வாரமே உரிமையாளருக்குக் கடிதம் கொடுத்துப் பேசுவது நல்லது. கான் மார்க்கெட் தீர்ப்புகூட, இடத்தின் தன்மை, இரு தரப்பின் பொருளாதார நிலை, வாடகைத் தொகை ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் காலக்கெடுவைத் தளர்த்தலாம் என்றது. அந்த அளவுக்காவது ஆவணம் உதவும்.

பேச்சில் பாதி வாடகைக்கு ஒப்புக்கொள்ளும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒப்புக்கொண்டால் எந்த மாதம், எவ்வளவு, தள்ளுபடியா பின்னால் கட்ட வேண்டியதா என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சால் மாற்றிக்கொண்டதாக நிரூபிக்கச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து முன்பணத்தைக் கணக்குப் பார்க்கும்போது, உரிமையாளரின் மகன் அந்தப் பாதியை பாக்கி என்று பிடித்துக்கொண்டால், எழுதிய அந்தத் தாள் மட்டும்தான் கையில் இருக்கும்.