குறிப்பில் கிடந்த கோடிகள்

2019 நவம்பர் 14 அன்று பாரதி ஏர்டெல் தன் ஜூலை–செப்டம்பர் காலாண்டு முடிவை வெளியிட்டது. நஷ்டம் 23,045 கோடி ரூபாய். அதே நாளில் வோடஃபோன் ஐடியா அறிவித்த நஷ்டம் ஏறத்தாழ 50,900 கோடி. இந்தியாவில் அதுவரை எந்த நிறுவனமும் ஒரே காலாண்டில் இவ்வளவு நஷ்டத்தைக் காட்டியதில்லை. ஆனால் அந்த மூன்று மாதங்களில் கோபுரம் எதுவும் சரியவில்லை. பல ஆண்டுகளாக ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் எழுத்தாக இருந்த ஒரு வழக்கு, முன்பக்கக் கணக்கில் எண்ணாக ஏறியது. அவ்வளவுதான் நடந்தது.

வழக்கின் வேர் 1999இல் இருக்கிறது. அந்த ஆண்டின் புதிய தொலைத்தொடர்புக் கொள்கைப்படி, நிறுவனங்கள் நிலையான உரிமக் கட்டணத்துக்குப் பதிலாக வருவாயில் ஒரு பங்கை அரசுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டன. எந்த வருவாயில் என்பதுதான் சண்டை. போன் சேவையில் வரும் பணம் மட்டும்தான் என்றன நிறுவனங்கள். வட்டி, டிவிடெண்ட், வாடகை என்று வருவதையும் சேர்க்க வேண்டும் என்றது தொலைத்தொடர்புத் துறை. 'ஏ.ஜி.ஆர்.' வழக்கு என்று செய்திகளில் படித்தது இதைத்தான். 2015இல் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் பெருமளவு நிறுவனங்கள் பக்கம் நின்றது. 2019 அக்டோபர் 24இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, துறையின் விளக்கமே சரி என்றது.

இவ்வளவு பெரிய தொகை அதுவரை ஏன் நஷ்டமாகக் காட்டப்படவில்லை? யாரோ மறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், கணக்கியல் விதி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு இதற்கான விதி 'இந்த் ஏ.எஸ். 37'. ஒரு பொறுப்புக்காகக் கணக்கில் ஒதுக்கீடு, அதாவது ப்ராவிஷன், செய்ய மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றால் இன்று கடமை உருவாகியிருக்க வேண்டும். அதற்காகப் பணம் வெளியே போகும் வாய்ப்பு, போகாமலிருக்கும் வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும். மூன்றும் இருந்தால் அந்தத் தொகை செலவாக லாபத்தைக் குறைக்கும், இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக உட்காரும். காசோலை எழுதும் நாள் வரை காத்திருக்க முடியாது.

ஏதாவது ஒரு நிபந்தனை தவறினால் அது எதிர்பாராப் பொறுப்பு. ஆடிட்டர்கள் பேச்சில் 'கன்டின்ஜென்ட் லயபிலிட்டி'. அது கணக்கில் ஏறாது. இன்ன வழக்கு, இவ்வளவு கேட்கிறார்கள் என்று குறிப்புகளில் எழுதினால் போதும். பணம் போகும் வாய்ப்பு மிக மிக அரிது என்றால் அந்தக் குறிப்புகூடத் தேவையில்லை. அடிப்படையே இல்லாமல் யாரோ ஆயிரம் கோடி கேட்டு வழக்குப் போட்டால், அதற்காக ஆண்டறிக்கையில் ஒரு வரி செலவழிக்க வேண்டியதில்லை.

இந்த விதியில் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ஒரு நிறுவனத்திடம் வரித் துறை 100 கோடி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். தோற்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்கிறார் வழக்கறிஞர். நிறுவனம் 40 கோடியை ஒதுக்கும் என்று நாம் நினைப்போம். ஒதுக்காது. கணக்கில் ஏறுவது பூஜ்யம். 100 கோடியும் குறிப்புக்குப் போகும். அடுத்த ஆண்டு அதே வழக்கறிஞர் 60 சதவீதம் என்று சொன்னால், பெரும்பாலும் 100 கோடியும் ஒரே மூச்சில் செலவாகிவிடும். ஒற்றை வழக்கில் எந்த முடிவு வர வாய்ப்பு அதிகமோ அதுவே பொதுவாக மதிப்பீட்டுக்கு அடிப்படை. பத்தாயிரம் மிக்ஸி விற்று வாரண்டி கொடுத்த கம்பெனியின் நிலை வேறு. எந்த மிக்ஸி பழுதாகும் என்று தெரியாவிட்டாலும் நூற்றுக்கு நான்கு திரும்பி வரும், ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் ஆகும் என்று அனுபவம் சொல்கிறது. எனவே இரண்டு லட்சம் ரூபாய் விற்ற ஆண்டிலேயே ஒதுக்கப்படுகிறது. சராசரி பேசும் இடத்தில் கணக்கு மெல்ல நகர்கிறது. ஒற்றை வழக்கு இருக்கும் இடத்தில் பாதியைத் தாண்டியதும் மொத்தமாகச் சாய்கிறது.

ஏர்டெல்லில் அதுதான் நடந்தது. தீர்ப்பாயத்தில் வென்ற ஒரு கட்சி, மேல் நீதிமன்றத்தில் தோற்க வாய்ப்பு குறைவு என்று வாதிட இடம் இருந்தது. அக்டோபர் 24 அந்த வாதத்தை முடித்துவைத்தது. ஆனால் காலாண்டு முடிந்தது செப்டம்பர் 30. தீர்ப்பு வந்ததோ அதற்கு 24 நாள் கழித்து. பிறகு எப்படிச் செப்டம்பர் கணக்கில் நஷ்டம் வந்தது? தீர்ப்பு புதிய கடமை எதையும் உண்டாக்கவில்லை. முன்பே இருந்த கடமையை உறுதிசெய்தது. கணக்கு முடிவாகி வெளியாவதற்குள் அப்படி ஓர் உறுதி கிடைத்தால், முடிந்த காலத்தின் கணக்கையே திருத்த வேண்டும் என்பது இன்னொரு விதி, இந்த் ஏ.எஸ். 10. முடிவுகளை ஏர்டெல் அக்டோபர் கடைசியில் வெளியிட வேண்டியது. தீர்ப்புக்குப் பின் அதை நவம்பருக்குத் தள்ளிவைத்தது.

அன்று ஏர்டெல் ஏற்றிய தொகை 28,450 கோடி. அதைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது. அசல் 6,164 கோடி. வட்டி 12,219 கோடி. அபராதம் 3,760 கோடி. அபராதத்தின் மேல் வட்டி 6,307 கோடி. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்தான் உண்மையான பாக்கி. மற்றதெல்லாம் வழக்கு இழுத்த ஆண்டுகளின் விலை. குறிப்பில் இருக்கும் பொறுப்பு அசையாமல் தூங்குவதில்லை, வட்டியோடு வளர்ந்துகொண்டே இருக்கிறது. மதிப்பீடும் அத்தோடு நிற்கவில்லை. 2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஏர்டெல் இதே வழக்குக்காக மேலும் 10,744 கோடியை ஏற்றியது.

விதியில் குறை இருக்கிறதா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். தோற்க வாய்ப்பு அதிகமா குறைவா என்பதை முதலில் எடைபோடுவது நிர்வாகம். லாபம் குறைந்தால் பாதிக்கப்படுவதும் அதே நிர்வாகம். ஆடிட்டர் வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறார் என்றாலும், "எங்களுக்கு வலுவான வாதம் இருக்கிறது" என்ற சொற்களைத் தாண்டி அவர் போவது எளிதல்ல. மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். கேட்ட தொகையை எல்லாம் ஒதுக்கச் சொன்னால், ஆதாரமில்லாத வரி நோட்டீஸ்கூட ஒரு நல்ல நிறுவனத்தை நஷ்டத்தில் காட்டிவிடும். வழக்கு நடக்கும்போதே "இதில் இவ்வளவு இழப்போம்" என்று விவரமாக எழுதினால் எதிர்க்கட்சிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும். அதனால்தான் மிக அரிதான சூழலில் விவரத்தைத் தவிர்க்கவும் விதி இடம் தருகிறது. அப்போதும் வழக்கின் பொதுவான தன்மையையும், விவரம் தராத காரணத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

ஆகவே பங்கு வாங்குபவர் பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளில், கடனாக ஏற்காத உரிமைக்கோரல்கள் என்ற பொருளில் ஒரு பட்டியல் இருக்கும். அந்த மொத்தத்தை நிறுவனத்தின் நிகர மதிப்போடு ஒப்பிடுங்கள். சென்ற ஆண்டுத் தொகையோடும் ஒப்பிடுங்கள். தணிக்கை அறிக்கையின் இணைப்பிலும் தகராறில் உள்ள வரிப் பாக்கிகள், எந்த ஆண்டுக்கு உரியவை, எந்த மன்றத்தில் நிலுவையில் உள்ளன என்ற விவரத்தோடு தனியாக வரும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேட்கலாம். வழக்கு கீழ் மன்றத்தில் தோற்று மேலே ஏறியிருந்தும் தொகை இன்னும் குறிப்பிலேயே இருந்தால், அந்த வரியை இரண்டு முறை படியுங்கள். அச்சிட்டிருக்கும் தொகையில் வட்டியும் அபராதமும் சேர்ந்திருக்கிறதா, அசல் மட்டும்தானா என்பதையும் பாருங்கள்.